குறிப்பைத் திருப்பி எழுதினால் விடை கிடைக்கும்

மனிதவள மேலாண்மை வகுப்பில் 'செயல்திறன் மதிப்பீடு' பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கும். முதலில் வரையறை, அடுத்து நோக்கங்கள், முறைகள், மதிப்பிடுபவர் செய்யும் பிழைகள், கடைசியாக ஊழியரோடு பேச வேண்டிய விதம். கற்பதற்கு இது நல்ல வரிசை. கேஸ் ஸ்டடி கேள்விக்கு இதே வரிசையில் எழுதும் மாணவர் மூன்று பக்கம் நிரப்பியும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முடிக்கிறார். அந்த நிறுவனத்தில் எது கெட்டிருக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்பதுதான் கேள்வி.

ஆகவே குறிப்பையே திருப்பி எழுத வேண்டும். தாளின் இடப்பக்கம் பாடத்திலுள்ள கருத்து. வலப்பக்கம், கேஸில் அது ஒளிந்திருந்தால் எப்படி அடையாளம் தெரியும் என்ற கேள்வி. 'அண்மை விளைவு' என்ற பிழைக்கு எதிரே, 'மதிப்பீட்டுக்குச் சற்று முன் நடந்த ஒரு சம்பவம் ஆண்டு முழுவதையும் மறைத்துவிட்டதா? மாதங்களைப் பார்' என்று எழுதலாம். 'நடுப்போக்குப் பிழை'க்கு எதிரே, 'எல்லோருக்கும் நடு மதிப்பெண்ணா?' என்பது போதும். அதன் பக்கத்திலேயே மருந்தையும் குறித்துவிட வேண்டும். ஜான் ஃப்ளானகன் 1954இல் விளக்கிய முக்கிய நிகழ்வு முறையில், மேலாளர் ஊழியரின் நல்ல செயலையும் தவறையும் நடந்தபோதே குறித்துவைக்கிறார். அண்மை விளைவுக்கு அது நேரடி மருந்து. நடுப்போக்குக்கு, 2 என்றால் எப்படிப்பட்ட வேலை, 4 என்றால் எப்படிப்பட்ட வேலை என்று நடத்தையால் விளக்கும் அளவுகோல் உதவும்.

இனி ஒரு கேஸை வைத்துப் பார்ப்போம். ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் 12 மெர்ச்சண்டைசர்கள். மார்ச்சில் மேலாளர் 5க்கு மதிப்பெண் போடுகிறார். 9 பேருக்கு 3. ஆண்டு முழுக்க ஆர்டர்களை உரிய நாளில் அனுப்பிய ஒருவருக்கு 2. காரணம், பிப்ரவரியில் அவருடைய ஒரு ஆர்டர் தாமதமானது. சாயப்பட்டறை துணியைத் தாமதமாகக் கொடுத்ததால் வந்த வினை அது. ஏப்ரலில் அவர் வேலையை விட்டுவிடுகிறார். என்ன செய்யலாம்?

'சூழல்' என்ற முதல் தலைப்பு மூன்று வரியைத் தாண்டக் கூடாது. கேஸைத் திரும்பச் சொல்வதற்கு மதிப்பெண் கிடையாது. அடுத்த தலைப்பு 'மையச் சிக்கல்'. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்; ஊழியர் விலகியதையே சிக்கல் என்று எழுதிவிடுகிறார்கள். அது விளைவு. நல்ல வேலையையும் சுமாரான வேலையையும் மதிப்பீடு பிரித்துக் காட்டவில்லை என்பதே சிக்கல். அதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும்.

'காரணங்களும் சான்றுகளும்' என்ற தலைப்புக்குத்தான் இடத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும். 12 பேரில் 9 பேருக்கு 3 என்பது நடுப்போக்கு. மார்ச் மதிப்பீட்டைப் பிப்ரவரித் தாமதம் தீர்மானித்தது அண்மை விளைவு. சாயப்பட்டறையின் தாமதம் ஊழியர் கணக்கில் ஏறியது, அவர் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று அளவுகோலில் கலந்துவிட்ட குறை. கருத்தின் பெயரும் கேஸின் சான்றும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரும்போதுதான் அது விடை.

'மாற்றுவழிகள்' தலைப்பில் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது, இத்தனை சதவீதம் பேர் கடைநிலையில் இருந்தாக வேண்டும் என்று சொல்லும் கட்டாயப் பகிர்வு முறை. நடுப்போக்கை அது உடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 12 பேர் கொண்ட சிறு குழுவில், எல்லோரும் நன்றாக உழைத்தாலும் யாராவது ஒருவர் கீழே தள்ளப்படுவார். மைக்ரோசாஃப்ட் இம்முறையை 2013இல் கைவிட்டது. இப்படி ஒரு வழியை ஏன் ஏற்கவில்லை என்று எழுதும் இரண்டு வரி, ஐந்து முறைகளின் பெயர்களை அடுக்குவதைவிட மேலானது.

'பரிந்துரை'யில் நிகழ்வுக் குறிப்பேடு, நடத்தை அளவுகோல், பட்டறைத் தாமதத்தைத் தனியே பதியும் ஏற்பாடு ஆகிய மூன்றும் போதும். 'நடைமுறை'யில் யார், எப்போது என்று சொல்ல வேண்டும்: குறிப்பேட்டை மேலாளர் வாரந்தோறும் எழுதுவார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊழியரோடு பேசுவார். இதற்கு மேலாளரின் நேரம் செலவாகும். அந்தக் குறையையும் எழுதிவிடுவது நேர்மை.

3 மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்றால், 15 மதிப்பெண் கேஸுக்கு 27 நிமிடம் வரும். அதில் முதல் ஏழு நிமிடம் படிக்கவும் சான்றுகளின் கீழ் கோடிடவும் போகட்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் கேஸிலிருந்து ஓர் எண்ணோ மாதமோ ஆளோ இருக்கிறதா? இல்லாத பத்தி விரிவுரையிலிருந்து அப்படியே இறங்கியது, அதை அடித்துவிடுங்கள். குறிப்பின் வலப்பக்கத்தில் கேள்வி எழுத வராமல் எந்த வரி நிற்கிறதோ, அதை அடுத்த வகுப்பிலேயே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.