கொழும்பிலிருந்து பதுளை வரை: ஒரு புகைவண்டிப் பயணக் குறிப்பு

மலையின் ஒரு பக்கத்தில் விடாது மழை பெய்யும்போது மறுபக்கத்தில் பயிர் வாடுவது ஏன் என்று சங்க உறுப்பினர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. ஏட்டில் படித்ததைக் கூறி வந்தேனேயன்றி, அதனை நேரிற் கண்டதில்லை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இலங்கையில், கடற்கரையிலுள்ள கொழும்பிலிருந்து மலைநாட்டின் கீழ்க்கோடியிலுள்ள பதுளைக்கு ஒரே வண்டியில் சென்றபோது அதனைக் கண்ணாரக் கண்டேன். அன்று எழுதி வைத்த நாட்குறிப்பையே விளக்கத்துடன் இங்குத் தருகிறேன்.

காலை 6 மணி, கொழும்புக் கோட்டை. வண்டி ஏறக்குறைய 290 கிலோமீட்டர் செல்ல வேண்டும். விடியற்காலையிலேயே உடம்பில் வியர்வை கசிந்தது. வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். கடலிலிருந்து தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வீசிக்கொண்டிருந்தது. நிலையத்தில் முகம் கழுவித் துடைத்த கைத்தறித் துண்டைச் சன்னல் ஓரத்தில் விரித்தேன். இத்துண்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காலை 8 மணி, ரம்புக்கனை கடந்து. இதுவரை தென்னையும் நெல்வயலும் வாழையுமாக இருந்த சமநிலம் இங்கே முடிகிறது. வண்டி 44 அடிக்கு ஓர் அடி என்னும் ஏற்றத்தில் கடுகண்ணாவைக்கு முக்கி முனகி ஏறுகிறது. வயல்கள் படிக்கட்டுகளாகக் கீழே தெரிகின்றன. கண்டியை 1867இல் அடைந்த இப்பாதை பதுளையை 1924இல்தான் எட்டியது. ஏற்றம் எத்துணைக் கடினம் என்பதற்கு இதுவே சான்று.

காலை 10 மணி, நாவலப்பிட்டி. உயரம் ஏறக்குறைய 580 மீட்டர். மழை பிடித்துக்கொண்டது. அடுத்து வரும் வட்டவளைப் பகுதி இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். கடற்காற்று முதன்முதலாக உயர்ந்த மலைச்சுவரில் மோதும் இடம் இது. மேலே தள்ளப்பட்ட காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க இயலாமையால் அது மழையாகக் கொட்டுகிறது.

நண்பகல், அட்டனும் தலவாக்கலையும். இருபுறமும் தேயிலை. தூறலிலும் சாக்குத் துணியை இடுப்பிற் கட்டிக்கொண்டு பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். என் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரமாகியும் காயவில்லை. மழைக்காலத்தில் பாவுக்குக் கஞ்சி போட்டு, அது காயாமல் திண்டாடும் நெசவாளருக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

பிற்பகல் 1 மணி, நானுஓயா. உயரம் 1,600 மீட்டருக்கு மேல். வெளியே மூடுபனியன்றி வேறொன்றும் தெரியவில்லை. கம்பளிச் சட்டை இல்லாதவர் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தனர். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6 அல்லது 7 டிகிரி குறையும் என்ற கணக்கை உடம்பே சரிபார்த்தது.

எதிரில் அமர்ந்திருந்தவர் பண்டாரவளையைச் சேர்ந்த முதியவர். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். "எங்கள் பக்கமும் மழைதானோ, பெரியவரே?" என்றேன் பேச்சை மறந்து. அவர் சிரித்து, "எங்கள் பக்கம் என்று கேளாதீர்கள், ஐயா, அது எங்கள் பக்கம். உங்களுக்கு அங்கே பக்கம் ஏது? இன்னும் ஒரு சுரங்கம் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டுப் பாருங்கள்" என்றார்.

பிற்பகல் 2 மணி, பட்டிப்பொல. பாதையின் உச்சி இதனை அடுத்து, 1,898 மீட்டரில் உள்ளது. மரக்கிளைகளில் பாசி தொங்க, வண்டி உச்சிச் சுரங்கத்துள் நுழைந்தது. வெளியே வந்தபோது கண் கூசிற்று. மூடுபனி இல்லை, நீலவானம்! ஒஹிய நிலையத்தை அடுத்து, காய்ந்து பழுப்பேறிய புல்வெளிச் சரிவுகள் தென்பட்டன. பலத்த காற்று மட்டும் வீசியது. அப்புத்தளையை அடைவதற்குள் என் துண்டு மொடமொடவென்று காய்ந்துவிட்டது. மேற்குப் பக்கத்தில் அரை நாளில் ஆகாதது இங்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆயிற்று.

காரணத்தை ஒரு கணக்கால் காண்போம். கடற்கரையில் 27 டிகிரியாக இருக்கும் காற்று, முகில் தோன்றும் 500 மீட்டர் வரை ஏறுகையில் 5 டிகிரி இழந்து 22 ஆகும். அதற்குமேல் ஈரம் மழையாக மாறும்போது உள்ளடங்கிய வெப்பம் வெளிப்படுவதால், காற்று மெதுவாகவே குளிரும். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 5 டிகிரி. ஆகவே 1,900 மீட்டர் உச்சியில் அது 15 டிகிரி. ஈரத்தை உதிர்த்துவிட்ட காற்று மறுபுறம் இறங்குகையில் 1,000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறும். 650 மீட்டர் உயரத்திலுள்ள பதுளையை அடையும்போது 27½ டிகிரி ஆகிவிடும். ஏறத்தாழ அதே உயரத்திலுள்ள நாவலப்பிட்டியிலோ அதே காற்று 21½ டிகிரிதான். காற்று முழுவதும் மலையைத் தாண்டுவதில்லை, சிறிது சுற்றியும் செல்லும். ஆதலால் வேறுபாடு எல்லா நாளும் இவ்வளவு இராது. ஆயினும் ஈரத்தை இழந்து சூடேறிய காற்று எதிர்ப்பட்ட ஈரத்தை உறிஞ்சும் என்பதில் ஐயமில்லை. இலங்கையின் கீழ்ப்பகுதித் தமிழர் இக்காற்றைக் 'கச்சான்' என்பர்.

பிற்பகல் 3 மணி, பண்டாரவளை நெருங்குகிறது. இவ்வறண்ட காற்றே ஊவாத் தேயிலையின் பெயருக்குக் காரணம். சூலை முதல் செப்டம்பர் வரை செடியின் வளர்ச்சி தடைப்படும், கொழுந்து குறையும், ஆனால் மணப்பொருள்கள் இலையிற் செறியும். ஏலத்தில் விலை ஏறும். மேற்குப் பக்கத்து அட்டன், தலவாக்கலைத் தேயிலைக்கு இதே சிறப்பு சனவரி முதல் மார்ச்சு வரை வாய்க்கும். அப்போது அப்பக்கம் வறண்டிருக்கும்.

இதனை நான் வியந்து கூற, முதியவர் முகம் மாறிற்று. "மணம் கூடினால் தேயிலைக்கு விலை கூடும், ஐயா. கொழுந்து குறைந்தால் பறிப்பவளுக்கு நிறை குறையும். குறித்த நிறை வராவிட்டால் அரை நாள் கூலிதான். என் மனைவி நல்ல மணமான மாதங்களில்தான் கடன் வாங்கினாள்" என்றார். பண்டாரவளையில் அவர் இறங்கிச் சென்ற பின்னும் அச்சொல் என்னுடன் வந்தது.

மாலை 4½ மணி, பதுளை. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியே செல்கிறது. அதன்பின் நெல்வயல்கள் மீண்டும் தோன்றின, வெப்பமும் திரும்பிற்று. பதுளைக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் சனவரி வரை, வடகிழக்கிலிருந்து வரும்.

நம் நீலகிரியிலும் இதே நிலைதான். கூடலூர்ப் பக்கம் சூன் முதல் ஆகஸ்டு வரை நனையும். குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பர் மழையைப் பெரிதும் நம்பியுள்ளன. ஆகவே ஒரு மாவட்டத்துக்கு ஒரே தவணை நாள் குறித்து, எல்லாச் சங்கங்களிலும் பயிர்க்கடன் வசூலிப்பது பொருந்தாது. கணக்கைத் தணிக்கை செய்யும் என்போன்றோர், தவணை தவறியவரைக் கடிந்துகொள்ளுமுன், அவர் நிலம் மலையின் எப்பக்கத்தில் உள்ளது, அங்கு எத்திங்களில் கொழுந்து குறையும் என்று கேட்டறிதல் வேண்டும். நான் அதுவரை கேட்டதில்லை. ஊர் திரும்பியதும், என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சங்கத்தின் பெயருக்கு எதிரிலும் அதன் மழைத் திங்களை எழுதிக்கொண்டேன்.