லாபம் அதிகம்னா நல்ல உத்தியா? ஷார்ப், சார்ட்டினோ சொல்வது வேற

இரண்டு டிரேடிங் உத்திகள், ஐந்து வருஷ வருமானம். 'அ' கொடுத்தது 18, 18, 18, 18, -2 சதவீதம். 'ஆ' கொடுத்தது 4, 4, 8, 8, 56. சராசரி முறையே 14, 16. லாபத்தை மட்டும் பார்த்தா 'ஆ'தான் ஜெயிக்குது.

ரிஸ்க் இல்லாத எஃப்.டி. 6 சதவீதம் தருதுன்னு வைத்துக்கொள்வோம். அதைக் கழித்தால் மிஞ்சுவது 8, 10. இதை ஏற்ற இறக்கத்தின் அளவான திட்ட விலக்கத்தால் வகுத்தால் ஷார்ப் விகிதம். 'அ'வின் விலக்கம் 8, ஷார்ப் 1. 'ஆ'வுக்குச் சுமார் 20, ஷார்ப் 0.5. இப்போ 'அ' முன்னால வந்துடுச்சு.

ஆனா 56 சதவீத லாபத்தையும் ஷார்ப் 'ஆபத்து' கணக்கில்தான் சேர்க்கிறது. லாபம் எகிறினா யாராவது வருத்தப்படுவாங்களா? அதனால் சார்ட்டினோ, 6-க்குக் கீழே விழுந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 'ஆ' இரண்டு வருஷம் 2 புள்ளி குறைந்தது. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8. அதை 5 வருஷத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.26. சார்ட்டினோ 7.9. இதே கணக்கில் 'அ'வுக்கு 2.2தான். (மோசமான 2 வருஷத்தால் மட்டும் வகுப்பது பலர் செய்யும் தப்பு; அப்போ 7.9 என்பது 5 ஆகிவிடும்.)

அப்போ 'ஆ'வையே எடுக்கலாமா? அந்த 56-ஐ நீக்கிப் பாருங்க. மீதி நாலு வருஷத்தின் சராசரி சரியா 6. அதாவது எஃப்.டி. தந்ததுதான். ஒரே வருஷ அதிர்ஷ்டத்தைச் சார்ட்டினோ திறமையாகக் காட்டிவிட்டது. என் ஓட்டு 'அ'வுக்கு. ஆனா ஐந்து வருஷக் கணக்கை நம்பி பெரிய தொகை போட மாட்டேன்.