தாத்தாவின் சட்டை மட்டும் ஏன் 'பளிச்'சுனு தெரியுது? பழைய போட்டோவில் புது உடையைப் பொருத்தும் சூட்சுமம்

திவசத்துக்கு மாட்டுவதற்காக தாத்தாவின் படத்தை பெரிதாக்கி பிரேம் போடுகிறார்கள். இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. 1970-களில் வீட்டு வாசலில் எடுத்தது. அதில் தாத்தா பனியனும் வேட்டியுமாக உட்கார்ந்திருக்கிறார். "ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக் குடுத்துடுங்க" என்று ஸ்டூடியோவில் சொல்லிவிட்டு வருகிறார்கள். சட்டை கச்சிதமாகத்தான் வருகிறது. ஆனால், பார்த்த பாட்டி கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன, ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு?"

காலர் சரி, தோள்பட்டை அளவு சரி, வெளிச்சம் விழும் திசையும் சரி. பிறகு எது உறுத்துகிறது? சட்டை சுத்தமாக இருக்கிறது, மற்றதெல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்!

இந்த இடத்தில் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். சட்டைக்கு ஈடாக முகத்தையும் வழவழப்பாக்கிவிடுகிறார்கள். பொடி போவதோடு, கண்ணோரச் சுருக்கமும் முள்தாடியும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சுவது தாத்தா மாதிரி இருக்கும் யாரோ ஒருவர். முகத்தில்தான் நிஜமான பதிவு இருக்கிறது. அதனால் முகத்தைத் தொடாமல், சட்டையைத்தான் பழசாக்க வேண்டும்.

அந்தப் பொடி எங்கிருந்து வந்தது?

ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள்கள் வெளிச்சம் பட்டு, கழுவும்போது கறுத்த வெள்ளித் துணுக்குகளாக மாறும். அவை கூடிக் கிடப்பதுதான் நாம் 'கிரெய்ன்' என்று சொல்லும் பொடி. பிரின்ட்டில் தெரிவது பெரும்பாலும் நெகட்டிவின் கிரெய்ன்தான். சின்ன 35 மி.மீ. நெகட்டிவைப் பெரிதாக்கும்போது அதுவும் சேர்ந்து பெரிதாகிறது. அதே படம் பெரிய 120 ஃபிலிமில் எடுத்ததாக இருந்தால் பொடி குறைவாகத் தெரியும். அதனால், 'பழைய போட்டோவுக்கு இவ்வளவு கிரெய்ன்' என்று ஒரே கணக்கு கிடையாது. ஒவ்வொரு படத்தையும் அளந்துதான் பார்க்க வேண்டும்.

ஸ்கேனிலேயே ஆரம்பிக்கிறது வேலை

நாம் எடுத்துக்கொண்ட படம் 4x6 அங்குலம். 600 dpi-ல் ஸ்கேன் செய்தால் 2400x3600 பிக்சல் கிடைக்கும். ஸ்கேனர் மென்பொருளில் Unsharp Mask, Grain Reduction, Dust Removal போன்றவை இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், எதோடு பொருத்தப் போகிறோமோ அந்தப் பொடியே மாறிவிடும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். வருஷங்கள் போகப்போக ஏறிய அந்தப் பழுப்பு நிறமும் நமக்குத் தேவை. TIFF கோப்பாகச் சேமித்து, ஒரு பிரதியைத் தொடாமல் தனியாக வைத்துவிடுங்கள்.

கிரெய்னுக்கு முன்னால் இரண்டு வேலை

புதுச்சட்டை பேரன் போட்டோவிலிருந்து எடுத்தது. அது செல்போன் படம் என்பதால், மிகக் கூர்மையாக இருக்கும். அப்படியே அதன்மேல் கிரெய்னைத் தூவினால், தெளிவான சட்டைமேல் மணல் கொட்டியது போலத்தான் தெரியும்.

முதலில் நிறம். தாத்தாவின் வேட்டியைப் பாருங்கள். அதுதான் இந்தப் படத்தில் 'வெள்ளை'. உண்மையில் அது மங்கிய க்ரீம் நிறம். சட்டையின் வெள்ளை அதைத் தாண்டக் கூடாது. அதேபோல், காலருக்குக் கீழே விழும் நிழல், தாத்தாவின் முடியைவிடக் கறுப்பாக இருக்கக் கூடாது. அடுத்தது கூர்மை. வேட்டியின் கரை எவ்வளவு மென்மையாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்குச் சட்டையின் ஓரமும் பட்டனும் மென்மையாகும்வரை Gaussian Blur கொடுங்கள். செல்போன் படத்தில் இருந்த பழைய புள்ளிகளும் இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இப்போது கிரெய்ன்

போட்டோஷாப்பில் Histogram பேனலைத் திறந்து, Expanded View-க்கு மாற்றுங்கள். தாத்தாவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் ஃபோகஸில் இல்லை. அதனால் அங்கே சுவரின் சொரசொரப்பு கிடையாது, கிரெய்ன் மட்டும்தான். நிழலும் வெளிச்சமும் மாறாத ஒரு சின்னக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், Mean என்பது அந்த இடத்தின் வெளிச்சத்தையும், Std Dev என்பது புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும். நம் படத்தில் சுவரின் Mean 150, Std Dev 6. சட்டையில் அதே வெளிச்சமுள்ள ஒரு மடிப்பு நிழலில் பார்த்தால், Std Dev வெறும் 1.4. பாட்டியின் கண் கண்டுபிடித்தது இந்த வித்தியாசத்தைத்தான்!

சட்டை லேயருக்கு மேலே புது லேயர் ஒன்றைப் போட்டு, 50% Gray நிரப்பி, Overlay-க்கு மாற்றி, சட்டைக்கு மட்டும் Clipping Mask செய்யுங்கள். அதில் Add Noise 12%, Gaussian, Monochromatic. இப்போது புள்ளிகள் ஊசிமுனை போல இருக்கும். நிஜ கிரெய்ன் அப்படி இருக்காது, ஒரு புள்ளி சில பிக்சல்களில் பரவியிருக்கும். அதற்காக 0.8 பிக்சல் Gaussian Blur. மங்கலாக்கினால் Std Dev சட்டென்று இறங்கும். அதனால்தான் முதலில் கொஞ்சம் அதிகமாகவே தூவுகிறோம். கடைசியாக, லேயரின் Opacity-யைக் குறைத்துக்கொண்டே வந்தால், சுமார் 70 சதவிகிதத்தில் 6 வருகிறது. உங்கள் படத்துக்கு இந்த எண்கள் மாறும். சுவரும் சட்டையும் ஒரே அளவைக் காட்ட வேண்டும் என்பது மட்டும் மாறாது.

Overlay எதற்கு? பிரின்ட்டில் கிரெய்ன் நடுத்தரச் சாம்பலில் நன்றாகத் தெரியும், அதிக வெள்ளையிலும் அடர் கறுப்பிலும் அடங்கிவிடும். Overlay-யும் அப்படியே நடந்துகொள்ளும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, சட்டையின் வெளிச்சமான இடத்தை வேட்டியோடு ஒப்பிடுங்கள்.

எண் ஒன்றாக இருந்தால் போதுமா?

போதாது. Std Dev என்பது பொடி எவ்வளவு என்று சொல்லுமே தவிர, எவ்வளவு பெரிது என்று சொல்லாது. எல்லா லேயருக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves போட்டு, கான்ட்ராஸ்ட்டைக் கன்னாபின்னாவென்று ஏற்றி, 200 சதவிகிதத்தில் பாருங்கள். சட்டையில் மணலும் சுவரில் ரவையும் தெரிந்தால், Blur-ஐக் கூட்டி Opacity-யை மறுபடி சரி செய்யுங்கள். சட்டையின் ஓரம் எங்கே என்று தேட வேண்டியிருந்தால், பொருந்திவிட்டது என்று அர்த்தம். பிறகு அந்த Curves-ஐ அழித்துவிடுங்கள்.

இந்த முறை கைகொடுக்காத இடங்களும் உண்டு. தேன்கூடு மாதிரி மேடுபள்ளம் உள்ள தாளில் அச்சிட்ட படங்களில் ஸ்கேனர் அந்த வடிவத்தையும் பிடித்துவிடும். ஒழுங்கில்லாத புள்ளிகள் அதற்கு ஈடாகாது. சுவர்ப்பகுதியையே நகலெடுத்து, High Pass செய்து, சட்டைமேல் Overlay-யாக வைக்க வேண்டும். கலர் பிரின்ட்டில் கிரெய்னுக்கே நிறம் உண்டு. அதனால் Monochromatic-ஐ எடுத்துவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, படத்தைப் பெரிதாக்குவதாக இருந்தால் கிரெய்ன் பொருந்திய பிறகு, சட்டையும் முகமும் சேர்ந்தே பெரிதாகட்டும். பிரின்ட் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கும்போது கிரெய்னைத்தான் முதலில் கரைக்கும். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்து, "முகத்துல ஸ்மூத் எதுவும் பண்ணிடாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.