கடைசித் தோசையும் நாலு வரியும்

தங்கை மகள் ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்துப் பாட்டு எழுதிக்கொண்டு வந்து, "பெரியம்மா, இது சரியா இருக்கா பாருங்க" என்று நீட்டினாள். அதில் இருந்தது இது:

அன்பின் உருவம் நீ அம்மா
அறிவின் சிகரம் நீ அம்மா
தியாகச் சுடரே நீ அம்மா
என்றும் வாழ்க நீ அம்மா

பதின்வயதில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் இதை எந்த வீட்டு அம்மாவுக்கும் கொடுக்கலாம். என் தங்கை இதில் எங்கேயும் இல்லை. ஓசையும் இல்லை. நாலு வரியும் "நீ அம்மா" என்று முடிவதால் பாட்டாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். ஒரே சொல் அதே பொருளில் திரும்பத் திரும்ப வந்தால், இரண்டாவது வரியிலேயே காது கேட்பதை நிறுத்திவிடும்.

"சாமிகிட்ட பேசுற மாதிரி இருக்கு. உங்கம்மா காலையில என்ன செய்வா? அதை எழுது" என்றேன். அரைமணி நேரத்தில் திருத்திக் கொண்டுவந்தாள். "காலையில் எழுகிறாய், காபி போட்டுத் தருகிறாய், டிபன் கட்டி விடுகிறாய், பஸ் ஏற்றி அனுப்புகிறாய்." இப்போது என் தங்கை உள்ளே வந்துவிட்டாள். ஆனால் வேறொரு சிக்கல் முளைத்தது. தமிழில் 'நீ' என்று சொல்லி நிகழ்காலத்தில் எந்த வினையைப் போட்டாலும் 'கிறாய்' என்றுதான் முடியும். தேடாமலே ஓசை கிடைத்துவிடுகிறது, அதனால்தான் அதற்குச் சுவை இல்லை. தவிர, எந்தப் பெண் தன் அம்மாவைப் பார்த்து "காபி போட்டுத் தருகிறாய்" என்று பேசுகிறாள்?

பள்ளி இலக்கணப் பாடத்தில் படிக்கும் தொடைகள் இங்கேதான் உதவிக்கு வருகின்றன. வரிக் கடைசியில் ஓசை ஒத்துவந்தால் இயைபு. முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை. தமிழ்ப் பாட்டு நெடுங்காலமாக ஓசையை வரியின் தலையில்தான் அதிகம் வைத்திருக்கிறது. அம்மாவைப் பாடுகிறவருக்கு இது பெரிய வசதி. 'அம்மா' என்ற சொல்லுக்குக் கடைசியில் ஒத்துப்போகப் பேச்சு வழக்கில் 'சும்மா'வை விட்டால் வேறு சொல் அகப்படுவது கடினம். தலையில் வைத்தாலோ கம்மல், பொம்மை, கும்மி, நம்ம, செம்ம என்று வரிசை கட்டி வரும்.

எதுகையில் பிள்ளைகள் தவறும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது. முதல் எழுத்து இரண்டிலும் குறிலாகவோ, இரண்டிலும் நெடிலாகவோ இருக்க வேண்டும். 'பட்டு'க்குக் 'கட்டு' பொருந்தும், 'பாட்டு' பொருந்தாது. சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

"அம்மா செய்யறதுல உனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கிற ஏதாவது ஒண்ணு சொல்லு" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கடைசித் தோசையை யாருக்கும் கொடுக்க மாட்டா பெரியம்மா. கருகினா கூட அவளே தின்னுடுவா." எங்கள் அம்மாவும் அப்படித்தான். எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

தோசை கிடைத்ததும் 'ஆசை' தானாக வந்து உட்கார்ந்தது. தோசைக்கல்லைப் பிடித்துக்கொண்டு கல்லு, பல்லு, நெல்லு, சொல்லு, செல்லம், வெல்லம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனாள். அதில் 'சொல்லு' அவளுக்குப் பிடித்தது. இரண்டு நாள் அடித்துத் திருத்தியபின் இப்படி வந்தது:

கல்லுல ஊத்துற கடைசித் தோசை
கருகிப் போனாலும் உனக்குத்தான்
சொல்லு அம்மா உனக்கென்ன ஆசை
இன்னிக்கு முதல்தோசை உனக்குத்தான்

கல்லுல, சொல்லு இரண்டும் எதுகை. கல்லுல, கடைசி, கருகி மோனை. தோசை, ஆசை இயைபு. 'உனக்குத்தான்' இங்கேயும் இரண்டு தடவை வருகிறது. ஆனால் முதல் வரிப்பாட்டில் வந்த 'நீ அம்மா' போல இல்லை. முதல் தடவை அது மகளின் மனத்தாங்கல், இரண்டாம் தடவை அவள் கொடுக்கும் பரிசு. சொல் ஒன்று, பொருள் திரும்பிவிட்டது. கடைசித் தோசை முதல் தோசையாகிற இடத்துக்கு முரண் தொடை என்று பெயர். தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, இயைபோடு முரணையும் சேர்த்தே சொல்கிறது. அவள் இலக்கணம் பார்த்து அதை வைக்கவில்லை. அம்மாவுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோது வந்தது அது.

கை தட்டிக்கொண்டே படிக்கச் சொன்னேன். முதல் வரிக்கு நாலு தட்டு, இரண்டாம் வரிக்கு மூன்று, பிறகும் நாலு, மூன்று. முதலில் அவள் கடைசி வரியை "இன்னிக்குச் சுடுற முதல் தோசை உனக்கு மட்டும்தான்" என்று எழுதியிருந்தாள். தட்டிப் பார்த்ததும் கை தடுமாறியது. 'சுடுற', 'மட்டும்' இரண்டையும் அவளே எடுத்துவிட்டாள்.

பேச்சுத் தமிழில் எழுதினால் தமிழ் ஆசிரியர் திட்டுவாரோ என்று அவளுக்கு ஒரு பயம். கட்டுரைக்கு அந்தப் பயம் நியாயம், அம்மாவுக்கு எழுதும் பாட்டுக்குத் தேவையில்லை. எழுத்துத் தமிழில் கிடைக்காத ஓசை பேச்சில் கிடைக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். 'ஆயிற்று', 'பேச்சு' சேராது. 'ஆச்சு', 'பேச்சு' சேரும். 'பார்த்து', 'சேர்த்து' இரண்டோடும் 'காற்று' எழுத்தில் சேராது. வாயில் பாத்து, காத்து, சேத்து என்று ஒரே குடும்பமாகிவிடும். ஒன்றே ஒன்றுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். 'ஊத்துற' என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் 'தருகின்றாய்' என்று தாவினால் பாட்டு உடைந்துபோகும். 'இன்னிக்கு'வா, 'இன்னைக்கு'வா என்ற கேள்விக்கு உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அதுவே விடை.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு. என் உதவி இல்லாமலே இரண்டு வரி எழுதினான்:

பொறந்த நாளையே மறந்துட்ட அம்மா
தொறந்து பாரேன் டப்பாவ சும்மா

அந்த ஒரே ஒரு 'சும்மா'வை அவன் சரியான இடத்தில் பிடித்துவிட்டான். பிறந்தநாளுக்கு எல்லாரும் கை வைக்கும் 'சிறந்த' பக்கம் போகாமல் 'தொறந்து' என்று எழுதியதும் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சீட்டில் எழுதி, அவள் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையில் போட்டான். டப்பாவுக்குள் அக்காவின் நாலு வரி மடித்துவைத்திருந்தது.

அன்று காலை முதல் தோசையை மகள்தான் ஊற்றினாள். ஓரம் பிய்ந்து வந்தது. தங்கை உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த நாலு வரிச் சீட்டு இப்போது அவள் அஞ்சறைப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. மஞ்சள்பொடி பட்டு 'கல்லுல' என்ற சொல் மட்டும் கொஞ்சம் மங்கிவிட்டது.