முதல் இன்ஜினியர் தேவை, பணம் 12 மாதத்துக்கு

“முதல் இன்ஜினியர் தேடுகிறேன். சம்பளம் மாதம் 1 லட்சம். வெளியே போனால் உங்களுக்கு 1.5 லட்சம் கிடைக்கும். 4 ஆண்டுகளில் கம்பெனியில் 1 சதவீதப் பங்கு. வார்ப்பட ஆலைகளின் ஆர்டர்களைக் கவனிக்கும் சாஃப்ட்வேர் இது. இதுவரை எழுதியது நான் ஒருவன்தான், சுத்தமாக இருக்காது. இரவில் சர்வர் நின்றால் நீங்களும் நானும்தான் எழுந்திருக்க வேண்டும். வங்கியில் 48 லட்சம் இருக்கிறது.”

கோவையில் ஒரு நிறுவனர் லிங்க்ட்இன்னில் இப்படிப் பதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நல்ல பதிவு. வேலையைப் பற்றி மறைக்கவில்லை. ஆலையில் நெட் இழுக்கும்போது சூப்பர்வைசர் ‘சேவ்’ பட்டனை இரண்டு முறை அழுத்தி, ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகியிருக்கும். முதல் இன்ஜினியரின் தொடக்க மாதங்கள் பெரும்பாலும் இதைச் சரிசெய்வதிலேயே போகும்.

ஆனால் 48 லட்சம் என்ற எண் மட்டும் போதாது. மாதச் செலவு 4 லட்சம், வரவு 1 லட்சம் என்றால் கையிலிருந்து போவது 3 லட்சம். பணம் 16 மாதம் வரும். புது ஆளின் சம்பளத்தைச் சேர்த்தால் மாதம் 4 லட்சம். 12 மாதம்தான். இதைத்தான் ‘ரன்வே’ என்கிறார்கள். ஆள் சேர்ந்த பிறகு எத்தனை மாதம் என்று கேட்பதே சரியான கேள்வி.

அடுத்து பங்கு. சம்பளத்தில் ஆண்டுக்கு 6 லட்சம் விட்டுக்கொடுக்கிறோம். பதிலுக்கு ஆண்டுக்கு 0.25 சதவீதம் வருகிறது. அது 6 லட்சம் பெறவேண்டுமானால் கம்பெனி 24 கோடி மதிப்பாவது அடைய வேண்டும். முதலீட்டாளருக்குப் புதுப் பங்குகள் கொடுத்து 20 சதவீதம் போனால், நம் 0.25 சதவீதம் 0.20 ஆகச் சுருங்கும். தேவையான மதிப்பு 30 கோடியாகும். பதிவில் சதவீதம் இல்லாமல் “10,000 பங்குகள்” என்று மட்டும் இருந்தால், மொத்தம் எத்தனை என்று தெரியாமல் எதையும் கணக்கிட முடியாது.

இந்தப் பதிவில் எனக்குக் கவலை தருவது இரண்டு கடிகாரங்கள். இந்தியச் சட்டப்படி, ஊழியர் பங்குத் திட்டத்தில் பங்குரிமை வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழித்தே அதன் முதல் பகுதி கைக்கு உரியதாகும். வேலையில் சேர்ந்த நாளை வைத்து அது கணக்கிடப்படுவதில்லை. பங்குதாரர்கள் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, வழங்கல் கடிதம் கையில் வந்தால்தான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். நிறுவனர் வேலை மும்முரத்தில் கடிதத்தை நான்கு மாதம் தள்ளிப்போட்டால், முதல் கால் பங்கு 16ஆம் மாதத்தில்தான் வரும். வங்கிக் கணக்கோ 12ஆம் மாதமே காலியாகிவிடும். ஆகவே சேரும் முன்பே வழங்கல் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.