இரண்டாவது துண்டு எங்கே?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எமது பெரியம்மாவுக்கு நீரிழிவு உண்டு. மாதந்தோறும் கிளினிக்குக்கு அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு எம்முடையது. அண்மையில் அவ்வாறு சென்ற ஒரு நாள், முந்திய வாரம் எடுத்த இரத்தத்தின் பரிசோதனை முடிவைப் பெறச் சன்னலருகே காத்திருந்தோம். உள்ளிருந்து ஒரு பெயர் அழைக்கப்பட்டது. பெரியம்மா கையை உயர்த்தினார். துண்டு கைக்கு வந்தது.

அதில் கிரியேற்றினின் என்ற பொருளின் அளவு, நூறு மில்லிலீற்றருக்கு 4.6 மில்லிகிராம் என்றிருந்தது. தசைகளில் உண்டாகும் இக்கழிவைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. பெண்களுக்கு அது ஏறக்குறைய 0.6 முதல் 1.1 வரை இருப்பதே வழக்கம். நாலரைக்கு மேல் என்றால் சிறுநீரகத்தின் வேலை பெரும்பாலும் நின்றுபோய்விட்டது என்பது பொருள். இம்மாவட்டத்தின் பதவிசிறிபுரவும் அதற்கப்பாலுள்ள வடமத்திய மாகாணமும் பல ஆண்டுகளாகச் சிறுநீரக நோயினால் வாடுவதை அறிந்த எமக்கு நெஞ்சு திடுக்குற்றது. பெரியம்மா ஒன்றும் பேசாது சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார்.

டாக்டரிடம் செல்லுமுன் முடிவைக் கோப்பிற் பதியவேண்டும். அப்பிரிவின் இலிகிதர் எம்மிடம் முன்னர் கற்றவர். துண்டையும் கிளினிக் கொப்பியையும் அருகருகே வைத்துப் பார்த்தவர், பேனாவைக் கீழே வைத்தார்.

“சேர், இது அம்மாவுடைய துண்டு அல்ல. கிளினிக் இலக்கம் வேறு. மூன்று மாதத்துக்கு முன் அம்மாவுக்கு 0.8 தான் இருந்திருக்கிறது.”

எமக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. “அம்மாவின் துண்டு இப்போது யார் கையில் இருக்கிறது?” என்று தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டு எழுந்தார். துண்டு மாறிய இடத்தில் எப்பொழுதும் இரு நோயாளர் உளர். வீணாக அஞ்சியவர் கண்ணெதிரே நிற்பார்; வீணாக ஆறுதல் அடைந்தவர் வீட்டுக்குப் போயிருப்பார். ஆபத்து இரண்டாமவருக்கே.

பிழை எவ்வாறு நேர்ந்தது? பெரியம்மாவின் பெயர் இராசேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். அதே பெயருடைய மற்றொரு மாது மூதூரிலிருந்து வருபவர். வயதிலும் இரண்டே ஆண்டு வித்தியாசம். நம்மவர் பெயரில் தந்தை அல்லது கணவர் பெயரின் ஓரெழுத்தே முன்னிற்கும். அழைக்கும்போது அவ்வெழுத்து இரைச்சலில் அமிழ்ந்துவிடும். மூவின மக்கள் கூடும் இவ்வூரில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பதியப்படுகின்றன. ஒரே தமிழ்ப் பெயரை ஒரு நாள் ‘வை’ எழுத்தாலும் மறுநாள் ‘ஐ’ எழுத்தாலும் முடிப்பர். ஆகவே எழுத்து வேறுபட்டிருப்பதைக் கண்டும் எவரும் ஐயுறுவதில்லை.

இலிகிதர் செய்தவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலில், எம்மிடமிருந்த துண்டைத் திரும்ப வாங்கினார். கிழித்தெறியவில்லை, யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு மீட்கப்பட்டது என்று அதிற் குறித்து வைத்தார். அது பிறிதொருவரின் நோய் பற்றிய அந்தரங்கம். அன்றியும், பிழைக்குச் சான்று.

அடுத்து ஆய்வுகூடத்துக்கும் கிளினிக் டாக்டருக்கும் தொலைபேசியில் அறிவித்தார். இலக்கங்களைத் தாம் சொல்லியபின், அவர்களைத் திருப்பிச் சொல்லச் செய்தார். மூதூர் மாது பத்தரை மணிக்கே டாக்டரைக் கண்டுவிட்டார் என்பது அப்போது தெரியவந்தது. 0.8 என்ற துண்டைக் கண்ட டாக்டர், அவருக்கு வழமையான மெற்போமின் மாத்திரையையும், முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக் மாத்திரையையும் எழுதிக் கொடுத்திருந்தார். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அவை பொருந்தலாம். அது பழுதுற்றவருக்கோ, முதலாவது உடலிலே தேங்கி இரத்தத்தை அமிலமாக்கும். இரண்டாவது எஞ்சியிருக்கும் சிறுநீரக வலுவையும் குறைக்கும். கோப்பிலே குறித்திருந்த எண்ணுக்கு அழைத்தபோது அயல்வீட்டுக் கடைக்காரர் பேசினார். “மத்தியான மாத்திரை எதுவும் போடவேண்டாம், உடனே திரும்பி வரவேண்டும்” என்ற செய்தி பன்னிரண்டு மணிக்கு முன் அம்மாதைச் சேர்ந்தது.

மூன்றாவது படி, பிழை எந்த இடத்திற் பிறந்தது என்று காண்பது. இதுவே நுட்பமான பகுதி. துண்டிலுள்ள இலக்கத்தைப் பதிவேட்டோடும், பதிவேட்டைக் குழாயின் மேல் ஒட்டிய சீட்டோடும், சீட்டை டாக்டரின் கோரிக்கைப் படிவத்தோடும் பின்னோக்கி ஒப்பிடவேண்டும். யாவும் பொருந்துமாயின் பிழை கையளிப்பிலே மட்டும். துண்டுகளை உரியவரிடம் சேர்த்தாற் போதும். குழாயிலே சீட்டு மாறி ஒட்டப்பட்டிருக்குமாயின் துண்டுகளை மாற்றிக் கொடுத்துச் சரிசெய்ய இயலாது. அவ்விரத்தம் யாருடையது என்று எவராலும் உறுதி கூற முடியாது. அப்போது சம்பந்தப்பட்டோர் அனைவரிடமும் மீண்டும் இரத்தம் எடுத்தலே வழி. ஒரு வரிசை தள்ளிப் பதிந்திருப்பின் அதன் பின்வரும் அனைவரின் முடிவும் தள்ளிப்போயிருக்கும் ஆதலால், முன்னும் பின்னுமுள்ள இலக்கங்களையும் பார்த்தனர். எமது விடயத்தில் தவறு சன்னலோடு நின்றிருந்தது. எனினும் ஐயம் அறவே நீங்க இருவரிடமும் புதிதாக இரத்தம் எடுத்தனர். பெரியம்மாவுக்கு 0.8, மூதூர் மாதுக்கு 4.5. அவர் அன்றே விடுதியில் அனுமதிக்கப்பட்டார்.

கடைசியாகப் பதிவைத் திருத்துதல். மூதூர் மாதின் கொப்பியில் ஏறியிருந்த பிழையான எண்ணை இலிகிதர் அழிக்கவில்லை. உள்ளே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு வெட்டி, சரியான எண்ணை எழுதி, திகதி, நேரம், கையொப்பம் இட்டார். அழித்துவிட்டால் அம்மாத்திரைகளை டாக்டர் ஏன் எழுதினார் என்பது பின்னர் எவருக்கும் விளங்காது. நடந்ததை இருவருக்கும் மறைக்காது சொல்லி, சம்பவ அறிக்கையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

முடிவு உரியவரை அடையாவிடின் நேர்வது யாது என்பதைத் தமிழ்நாடு ஒரு கொடுமையால் அறிந்தது. விருதுநகர் மாவட்டத்தில் இரத்ததானம் செய்த ஓர் இளைஞரிடம் எச்.ஐ.வி. கிருமி இருப்பது 2016 இலேயே பரிசோதனையிற் புலப்பட்டது. அச்செய்தி அவரைச் சென்றடையவில்லை. 2018 இல் அவர் மீண்டும் இரத்தம் கொடுத்தார். அந்தத் தடவை பரிசோதனையும் தவறியது. அவ்வாண்டு டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு அவ்விரத்தம் ஏற்றப்பட்டது. இரண்டாண்டு முன்னரே ஒரு காகிதம் உரிய கையை அடைந்திருக்குமாயின் அவ்விளைஞர் மீண்டும் இரத்தம் கொடுக்க வந்திருக்கமாட்டார்.

இப்போது அச்சன்னலில், “இராசேஸ்வரியா?” என்று கேட்பதில்லை. அவ்வாறு கேட்டால் காது மந்தமானவரும் களைத்தவரும் ஆம் என்றே தலையசைப்பர். “உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள், பிறந்த திகதியைச் சொல்லுங்கள்” என்று கேட்டு, கொப்பியின் இலக்கத்தையும் ஒப்பிட்ட பின்னரே துண்டு நீட்டப்படுகிறது. வரிசை சற்று மெதுவாகத்தான் நகர்கின்றது.

சென்ற மாதம் அவ்வரிசையில் பெரியம்மாவுக்கு அருகே மூதூர் மாது அமர்ந்திருந்தார். மெலிந்திருந்தார், ஆயினும் மாத்திரைகள் மாற்றப்பட்டு, உணவும் வரையறுக்கப்பட்டு, நடந்தே வந்திருந்தார். உள்ளிருந்து பெயர் அழைக்கப்பட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். இருவருமே கையை உயர்த்தவில்லை. கொப்பிகளை எடுத்துக்கொண்டு இலக்கம் பார்க்க எழுந்து சென்றனர்.