முன்பணமும் ஒரு கடிதமும்

சென்னையில் வாடகை வீடு தேடுபவருக்கு, வீடு மனத்துக்குப் பிடித்த மறு நிமிஷமே காதில் விழும் சொல் 'அட்வான்ஸ்'. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரத்தின் நெடுநாளைய வழக்கம். அப்பெருந்தொகை எதற்குப் பிணையாக நிற்கிறது, எந்த நாளில் திரும்பி வரும் என்ற இரு விஷயங்களுமோ, பதினோரு மாத ஒப்பந்தப் பத்திரத்தில், 'காலி செய்யும்போது சேதங்கள் நீங்கலாக, வட்டியின்றித் திருப்பித் தரப்படும்' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகின்றன. சேதம் என்பது யாது என்று அவ்வரி சொல்வதில்லை; காலி செய்த அன்றேயா, அடுத்த குடித்தனக்காரர் வந்து அவருடைய அட்வான்ஸ் கைக்குக் கிடைத்த பிறகா என்பதையும் சொல்வதில்லை.

2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் இவ்விரண்டையும் தொட்டுப் பேசுகிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்றும், குடியிருப்பவர் செலுத்த வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் தந்துவிட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை' என்ற அந்தச் சொற்றொடரின் வழியேதான் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் ஜீவித்திருக்கிறது. ஆகவே, கையெழுத்திடும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பிரதானமாகிறது.

பூசல் மிகுதியும் எழுவது வெள்ளையடிப்பில்தான். காலி செய்கிறவரிடம் ஒரு மாத வாடகையைப் 'பெயின்டிங் சார்ஜ்' என்று பிடித்துக்கொள்வது இங்கே சம்பிரதாயமாகிவிட்டது. ஆனால் அச்சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, சுவர்களுக்கு வெள்ளையடிப்பதையும், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதையும், மின்கம்பிகளையும் குழாய்ப் பாதைகளையும் மாற்றுவதையும் வீட்டுக்காரரின் பொறுப்பில் வைத்திருக்கிறது; குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி முதலியவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ள இடமுண்டு என்பதால், பெயின்டிங் பற்றிய வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் பார்த்துவிட வேண்டும். நாள்பட்ட வாசத்தால் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். ஆணியடித்துக் காரை பெயர்ந்தால் அது சேதம். இந்தப் பேதத்தைக் காகிதத்தில் வைத்துவிடுவது நல்லது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாத வாடகை 15,000 ரூபாய், முன்பணம் 1,50,000. மூன்று வருஷம் கழித்துக் குடும்பம் காலி செய்கிறது. மின்கட்டண பாக்கி 1,800, உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு 1,200. நியாயமான பிடித்தம் 3,000 போக, வரவேண்டியது 1,47,000. வீட்டுக்காரர் பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையையும் கழித்தால் அது 1,32,000 ஆகிறது. அந்தப் பதினைந்தாயிரம் யாருக்கு உரியது என்பதை, குடியேறுமுன் எழுதிய நாலு வரிகள் தீர்மானித்திருக்கும்.

அந்த நாலு வரியைக் கேட்பதற்கு உகந்த சமயம், டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, பெருந்தொகை இன்னும் கைமாறாத இடைவேளையே. முழுப் பணமும் போய்ச் சேர்ந்த பின் கேட்டால், பதில் சொல்ல வீட்டுக்காரருக்கு அவசரமிராது. கடிதம் இப்படி இருக்கலாம்:

'ஐயா, தங்கள் வீட்டுக்கு முன்பணமாக ரூ. 1,50,000 தருகிறேன். நாம் பேசியபடி, வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, நாங்கள் உண்டாக்கிய சேதங்களைப் பழுது பார்த்த செலவு ஆகிய மூன்று மட்டுமே, ரசீதுடன், இத்தொகையிலிருந்து கழிக்கப்படும்; இயல்பான தேய்மானத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் பிடித்தம் இல்லை. சாவி ஒப்படைத்த 30 நாட்களுக்குள், புதிதாகக் குடிவருபவருக்காகக் காத்திராமல், மீதித் தொகை என் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். சம்மதமெனில் இதன் கீழ் கையொப்பமிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

வெள்ளையடிப்புக்குப் பிடித்தம் வேண்டுமென்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தால், 'ஒரு மாத வாடகை' என்று விட்டுவிடாமல் ஒரு தொகையைக் குறித்துக்கொள்ளலாம். ஏனெனில் வாடகை வருஷந்தோறும் ஏறும்போது அந்தப் பிடித்தமும் உடன் ஏறும். கையெழுத்திடத் தயங்குகிறவரிடம், வாட்ஸ்அப்பிலாவது 'சம்மதம்' என்று பதில் வாங்கிக்கொள்வது, வெறும் வாய்ச்சொல்லைவிட எவ்வளவோ மேல். 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்றே ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்வாராயின், அவருக்கு எந்த நிபந்தனையில் ஆட்சேபம் என்பதைப் பணம் தருமுன் கேட்டறிய வேண்டும்.

குடியேறும் நாளில் சுவர்களையும் கண்ணாடிகளையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால், பழைய விரிசல் புதிய சேதமாக மாறாது. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், காலி செய்யும் நாளில் மீட்டரில் உள்ள எண்ணை இருவரும் பார்த்துக் குறித்து, சாவியைக் கொடுத்த தேதியையும் அதன் கீழ் எழுதி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். முப்பது நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்தே தொடங்குகிறது.